ஒரே ஆய்விதழ்க் கட்டுரைக்கு விமர்சன மதிப்புரை: மூன்று வடிவங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஒரு ஆய்விதழ்க் கட்டுரையை மதிப்பாய்வு செய்யச் சொல்லிவிட்டார்கள். 2,000 சொற்கள். வாதம் என்ன, சான்று என்ன, வரம்பு என்ன என்று மூன்றையும் தொட வேண்டும். கட்டுரையை இரண்டு முறை படித்தாயிற்று, ஓரங்களில் குறிப்புகளும் இருக்கின்றன. இனி அந்தக் குறிப்புகளை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது அலங்காரம் தொடர்பான முடிவு போலத் தெரியும். மாணவர்களின் மதிப்புரைகளைப் பல பருவங்களாகத் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கட்டுரையில் எதைக் கண்டுபிடிப்பீர்கள், எதைத் தவறவிடுவீர்கள் என்பதை இந்த வரிசைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நடைமுறையில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று, கட்டுரை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் பின்தொடர்வது. இரண்டு, வாதம், சான்று, வரம்பு என்று மூன்று தலைப்பு போட்டு ஒவ்வொன்றிலும் உரியதை இடுவது. மூன்று, ஆசிரியரின் முடிவை ஒரு சங்கிலியாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணியிலும் அதற்கான சான்றையும் அந்தச் சான்றின் வரம்பையும் சேர்த்தே பேசுவது. மூன்றையும் ஒரே கட்டுரையின் மேல் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் எடுத்துக்கொள்வது டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ இதழில் எழுதிய குறைந்தபட்சக் கூலிக் கட்டுரை. பொருளியல் படிக்காதவருக்கும் புரியும். அட்டவணைகள் சுத்தமானவை. அதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். மதிப்புரை பழக இதைவிட நல்ல கட்டுரையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கட்டுரையின் சுருக்கம் இது. 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25-ஆகவே இருந்தது. கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்பது பாடநூல் சொல்வது. அதைச் சோதிக்க, நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் உள்ள 410 துரித உணவகங்களிடம் தொலைபேசியில் கேட்டார்கள். உயர்வுக்கு முன் ஒரு முறை, உயர்ந்து ஏழெட்டு மாதங்கள் கழித்து இன்னொரு முறை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தொடக்கக் கூலி எவ்வளவு, விலை எவ்வளவு என்பவை கேள்விகள். வேலை குறைந்ததற்கான அறிகுறி எதையும் காணவில்லை என்று முடித்தார்கள்.

முதல் வடிவம்: கட்டுரையின் பின்னாலேயே போவது

இதைத் தேர்ந்தெடுப்பவர்களின் மதிப்புரை அநேகமாக இப்படித் தொடங்கும்: “முன்னுரையில் ஆசிரியர்கள் குறைந்தபட்சக் கூலி பற்றிய பழைய ஆய்வுகளைக் குறிப்பிடுகிறார்கள். அடுத்த பகுதியில் நியூ ஜெர்சிச் சட்டத்தை விளக்குகிறார்கள். பிறகு மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்கிறார்கள்.” ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் மூன்று பக்கம் போன பிறகும் மதிப்புரையாளர் எதையும் சொல்லியிருக்க மாட்டார். வாக்கியங்களின் எழுவாயை எண்ணிப் பாருங்கள். “ஆசிரியர்கள்” என்றே தொடங்கும் வாக்கியங்கள் தொடர்ந்து நான்கைந்து வந்தால், நீங்கள் சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு, அதை மறுக்க மாட்டேன். குறிப்பெடுக்கும்போது இதுவே சிறந்தது. அட்டவணைக்கு அட்டவணை, பகுதிக்குப் பகுதி எழுதி வைத்தால் எதுவும் விட்டுப்போகாது. அந்தக் குறிப்பையே மதிப்புரையாகத் தட்டச்சு செய்வதில்தான் தவறு. கட்டுரையின் வரிசை ஆசிரியர் தம் வாசகரை இணங்க வைக்க அமைத்துக்கொண்டது. அதே பாதையில் நடந்தால், அவர் எதைப் பெரிதாகக் காட்டினாரோ அதுவே உங்களுக்கும் பெரிதாகத் தெரியும். அவர் அடிக்குறிப்பில் வைத்தது உங்களுக்கும் அடிக்குறிப்பாகவே போய்விடும்.

இரண்டாம் வடிவம்: மூன்று தலைப்புகள்

பாடத்தின் அறிவுறுத்தல் தாளில் “வாதம், சான்று, வரம்பு” என்று இருக்கும்போது, அதையே தலைப்புகளாகப் போடுவது இயல்பு. பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். முதல் வடிவத்தைவிட இது எவ்வளவோ மேல். மதிப்பெண் போடுபவர் தேடுவது கண்ணுக்கு முன்னால் இருக்கும். வாதம் என்ற தலைப்பின் கீழ் முடிவைச் சொந்தச் சொற்களில் எழுதியே ஆக வேண்டியிருக்கும் என்பதும் நல்லதுதான்.

சிக்கல் மூன்றாவது தலைப்பில் வருகிறது. வரம்பு என்ற பகுதி தனியாக, கடைசியில், சான்றிலிருந்து இரண்டு பக்கம் தள்ளி நிற்கிறது. அங்கே வந்து சேரும்போது கையில் குறிப்பாக எதுவும் இருக்காது. அப்போது என்ன எழுதுவார்கள் தெரியுமா? “மாதிரி சிறியது. ஒரே துறையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். காலம் குறுகியது. பிற மாநிலங்களுக்குப் பொருந்துமா என்பது தெரியாது.” இந்த நான்கு வாக்கியங்களையும் எடுத்து, மருத்துவம் பற்றிய கட்டுரைக்கோ கல்வி பற்றிய கட்டுரைக்கோ ஒட்ட வைத்தாலும் பொருந்தும். வேறு கட்டுரைக்கும் பொருந்தும் வரம்பு இந்தக் கட்டுரையின் வரம்பு ஆகாது. மாதிரி சிறியது என்றால், அந்தச் சிறுமை எந்த எண்ணை எப்படி ஆட்டுகிறது என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது இதைவிட மோசமானது. வரம்புகளைத் தனியே பட்டியலிடும்போது, ஆசிரியர்களே பதில் சொல்லிவிட்ட ஆட்சேபத்தை எழுப்பிவிடுவது மிக எளிது. கார்ட், க்ரூகர் கட்டுரையில் பகுதிநேர ஊழியர் ஒருவரை அரை ஆளாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். “அரை என்பது ஆசிரியர்கள் இஷ்டத்துக்கு எடுத்த எண்” என்று ஒரு மாணவர் எழுதுவார். ஆனால் அரைக்குப் பதிலாக 0.4 என்றும் 0.6 என்றும் வைத்துப் பார்த்ததை அவர்கள் ஒரு அட்டவணையில் காட்டியிருக்கிறார்கள். “கடற்கரை ஊர்களில் சுற்றுலாப் பருவம் கணக்கைக் குழப்பியிருக்கும்” என்று இன்னொருவர் எழுதுவார். கடற்கரைக் கடைகளை நீக்கிவிட்டுப் பார்த்த வரியும் அதே அட்டவணையில் இருக்கிறது. “ஏற்கெனவே உள்ள கடைகளை மட்டும் கேட்டால் புதிதாகத் திறக்காத கடைகள் கணக்கில் வராதே” என்பது நல்ல கேள்வி. அதற்கும் மாநிலவாரியாக மெக்டொனால்ட்ஸ் கடைகள் திறக்கப்பட்ட வேகத்தை வைத்து ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில் போதுமா என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். பதிலே இல்லாதது போல எழுதினால், கட்டுரையின் பின்பாதியைப் படிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மூன்றாம் வடிவம்: முடிவைக் கண்ணிகளாகப் பிரிப்பது

என் சிபாரிசு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்து காட்டுகிறேன்.

முதல் வேலை, ஆசிரியர்கள் சொன்ன முடிவை மிகச் சரியாக ஒரு வாக்கியத்தில் எழுதுவது. இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். “குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை பெருகும் என்று கார்டும் க்ரூகரும் நிறுவினார்கள்” என்று எழுதுவார்கள். அவர்கள் தலைமை முடிவாகச் சொன்னது அது அல்ல. வேலை குறைந்ததற்கான அறிகுறி இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள், வேறு வேறு சான்று கேட்பவை. முதலாவதைத் தாக்கினால் அவர்கள் சொல்லாத ஒன்றைத் தாக்கியதாகிவிடும்.

அப்புறம், இந்த முடிவு நிற்க வேண்டுமானால் எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். எனக்கு நான்கு தெரிகிறது. நியூ ஜெர்சியில் கூலி உண்மையிலேயே உயர்ந்திருக்க வேண்டும். வேலை செய்பவர்களின் எண்ணிக்கை ஓரளவு சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் வராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சிக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைப் பென்சில்வேனியா காட்ட வேண்டும். கடைசியாக, கிடைத்த எண்களுக்கு ஒரு பொருளியல் விளக்கம் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் எல்லா விளக்கங்களோடும் அவை மோதாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்ப்போம்.

முதல் கண்ணி உறுதியானது. நியூ ஜெர்சியில் சராசரித் தொடக்கக் கூலி 4.61 டாலரிலிருந்து 5.08 ஆனது. பென்சில்வேனியாவில் இரண்டு முறையும் ஏறக்குறைய 4.62-தான். உயர்வுக்குப் பிறகு நியூ ஜெர்சிக் கடைகளில் சுமார் 85 சதவீதம் சரியாக 5.05 டாலரைத்தான் தொடக்கக் கூலியாகக் கொடுத்தன. சட்டம் காகிதத்தோடு நிற்காமல் சம்பளத்தில் இறங்கியிருக்கிறது. மதிப்புரையில் இதற்கு மூன்று வாக்கியம் போதும். வலுவான இடத்தை வலுவானது என்று சொல்லிவிட்டு நகர்வதும் விமர்சனம்தான். எல்லா இடத்திலும் குறை கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இரண்டாம் கண்ணி அளவீடு. கடை மேலாளரிடம் தொலைபேசியில் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். அவர் இந்த நேரத்தில் கடையில் நிற்பவர்களைச் சொல்கிறாரா, சம்பளப் பட்டியலில் உள்ளவர்களைச் சொல்கிறாரா? முழுநேரம், பகுதிநேரம் என்பதை எல்லா மேலாளரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்களா? முன்னும் பின்னும் பேசியது ஒரே ஆள்தானா? இங்கே வரம்பை எழுதும்போது ஒரு படி கூடப் போக வேண்டும்: இந்தப் பிழை முடிவை எந்தப் பக்கம் தள்ளும்? பிழை இரண்டு மாநிலத்திலும் தாறுமாறாக ஒரே அளவில் இருந்தால், சராசரி வித்தியாசம் ஒரு பக்கமாகச் சாயாது. ஆனால் நிச்சயமின்மை கூடும். வேலை குறைந்ததைக் காணவில்லை என்று சொல்பவருக்கு அதுவே சங்கடம். ஏனென்றால் மங்கலான கண்ணாடி வழியே பார்த்தாலும் எதுவும் காணாமல் போகலாம். ஆசிரியர்கள் இதை உணராதவர்கள் அல்ல. தவறுதலாக இரண்டு முறை பேட்டி எடுக்கப்பட்ட சில கடைகளின் பதில்களை ஒப்பிட்டு, பதில்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று பார்த்திருக்கிறார்கள். அது எளிதில் தாண்டிப் போய்விடக்கூடிய இடம். அப்படிப்பட்ட இடங்களையும் படியுங்கள் என்று நான் மாணவர்களிடம் நச்சரிப்பது இதற்காகத்தான்.

மூன்றாம் கண்ணியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. உங்கள் மதிப்புரையின் பாதியை இங்கே செலவிடலாம். எண்களைப் பாருங்கள். நியூ ஜெர்சிக் கடைகளில் சராசரி ஊழியர் எண்ணிக்கை, முழுநேரக் கணக்கில், 20.44-இலிருந்து 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33-இலிருந்து 21.17 ஆனது. நியூ ஜெர்சியில் 0.59 கூடியது, பென்சில்வேனியாவில் 2.16 குறைந்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 2.76 என்று கட்டுரை சொல்கிறது, இரண்டாம் தசமத்தில் தெரியும் வேறுபாடு முழுதாக்கியதால் வருவது. அதன் திட்டப்பிழை, அதாவது மாதிரியின் தற்செயலால் அந்த எண் எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு, 1.36.

இப்போது ஒரு நிமிடம் நின்று, இந்த 2.76 எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வருகிறது. கூலி உயர்ந்த மாநிலத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கூலி உயராத மாநிலத்தில்தான் நடந்திருக்கிறது. ஆகவே முழு வாதமும் ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: பென்சில்வேனியாவின் சரிவு நியூ ஜெர்சிக்கும் வந்திருக்க வேண்டிய சரிவா? பிராந்தியம் முழுக்கத் தொழில் மந்தமாக இருந்த காலம் அது. மந்தம் இரண்டு மாநிலங்களையும் ஒரே அளவில் தொட்டிருந்தால் ஆசிரியர்களின் வாதம் நிற்கிறது. பென்சில்வேனியாவில் மட்டும் ஏதோ நடந்திருந்தால், அல்லது அங்கே முதல் பேட்டியின்போது எண்ணிக்கை தற்செயலாகக் கூடுதலாகப் பதிவாகி இரண்டாம் முறை இயல்புக்குத் திரும்பியிருந்தால், வாதம் ஆடிப்போகிறது. தொடக்கத்தில் பென்சில்வேனியாக் கடைகள் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று ஆள் பெரியவை என்பதைக் கவனியுங்கள். 410 கடைகளில் 79 மட்டுமே பென்சில்வேனியாவைச் சேர்ந்தவை என்பதையும் கவனியுங்கள். மாதிரி சிறியது என்ற அந்தப் பழைய வாக்கியத்துக்கு இங்கேதான் பொருள் வருகிறது: முடிவைத் தாங்கும் பக்கம்தான் சிறிய பக்கம்.

நேர்மையான மதிப்புரை இதோடு நிற்காது. ஆசிரியர்கள் இதை எதிர்பார்த்து இரண்டாவது ஒப்பீடு ஒன்றைச் செய்திருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நியூ ஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் உயர்வுக்கு முன்பே 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துக்கொண்டிருந்தன. சட்டம் அவற்றை ஏறக்குறைய தொடவே இல்லை. அந்தக் கடைகளில் என்ன நடந்தது? பென்சில்வேனியாவில் போலவே சுமார் இரண்டு ஆள் குறைந்தது. 4.25 கொடுத்துக்கொண்டிருந்த கடைகளில் எண்ணிக்கை கூடியது. சட்டம் தொடாத கடைகள் இரண்டு மாநிலத்திலும் ஒரே மாதிரி சரிந்திருக்கின்றன என்றால், பென்சில்வேனியாவின் சரிவு தனி விபத்து என்று சொல்வது கடினமாகிறது. இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முன்பே அதிகக் கூலி கொடுத்த கடைகள் வசதியான வட்டாரங்களில் இருந்திருக்கலாம். அங்கே மந்தம் வேறு விதமாகத் தாக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி இப்போது சுருங்கிக் குறிப்பானதாகிவிட்டது. வரம்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் வடிவத்தில் இந்தப் பத்திகளை எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். 2.76 சான்று என்ற தலைப்பில் போயிருக்கும். 79 வரம்பு என்ற தலைப்பில் போயிருக்கும். இரண்டும் சந்தித்திருக்காது.

நான்காம் கண்ணி விளக்கம். போட்டி நிறைந்த சந்தை என்று வைத்துக்கொண்டால் கூலி உயர்வால் விலை கூடும், வேலை குறையும். முதலாளிக்குக் கூலியை நிர்ணயிக்கும் சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மிதமான உயர்வு வேலையைக் கூட்டலாம். ஆனால் அப்போது உற்பத்தி கூடி விலை இறங்க வேண்டும். கட்டுரையில் நியூ ஜெர்சியின் விலை பென்சில்வேனியாவைவிடச் சற்று அதிகமாக உயர்ந்திருக்கிறது, வேலை குறையவும் இல்லை. இரண்டு கோட்பாடும் முழுதாகப் பொருந்தவில்லை. நியூ ஜெர்சிக்குள் பார்த்தால், கூலியால் அதிகம் பாதிக்கப்பட்ட கடைகளில் விலை மற்றவற்றைவிட வேகமாக உயரவும் இல்லை. ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. ஆகவே “கட்டுரை பாடநூல் கோட்பாட்டைத் தகர்த்துவிட்டது” என்று எழுதுவது மிகை. பாடநூல் கோட்பாடு எதிர்பார்த்த ஒன்றை இந்தத் தரவில் காணவில்லை, அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதைக் கட்டுரை முடிவு செய்யவில்லை. அவ்வளவு தூரம்தான் போகலாம்.

வெளியிலிருந்து கொண்டுவரலாமா?

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரே கட்டுரைக்கான மதிப்புரையில் மற்றவர்களின் மறுப்பைச் சேர்க்கலாமா? இந்தக் கட்டுரைக்குப் புகழ்பெற்ற மறுப்பு ஒன்று இருக்கிறது. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் 2000-இல் அதே இதழில், தொலைபேசிப் பதில்களுக்குப் பதிலாகச் சம்பளப் பதிவேடுகளை வைத்து, பென்சில்வேனியாவை ஒப்பிட நியூ ஜெர்சியில் வேலை குறைந்தது என்று எழுதினார்கள். அதே இதழிலேயே கார்டும் க்ரூகரும் அரசாங்கத்தின் வேலைவாய்ப்புப் பதிவுகளைக் கொண்டு பதில் எழுதி, பெரிய சரிவு இல்லை என்று நிலைநின்றார்கள்.

மறுப்பை முதலில் படித்துவிட்டு எழுதுபவர்களிடம் ஒரு குறை பார்க்கிறேன். “நியூமார்க்கும் வாஷரும் இதைத் தவறென்று காட்டினர்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது கடன் வாங்கிய தீர்ப்பு. அதே வேகத்தில் பதிலையும் படிக்காமல் விட்டிருப்பார்கள். மாறாக, முதலில் உங்கள் கண்ணிகளைக் கட்டுரையின் உள்ளிருந்தே இழுத்துப் பாருங்கள். அளவீட்டுக் கண்ணி பலவீனமாகத் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருந்தால், அந்த இடத்தில் நியூமார்க், வாஷர் இயல்பாக வந்து உட்காருவார்கள்: சம்பளப் பதிவேட்டில் எண்கள் தொலைபேசிப் பதில்களைப் போல அவ்வளவு அலைபாயவில்லை என்பது உங்கள் சந்தேகத்துக்குத் துணை. வெளிச்சான்றுக்கு இரண்டு மூன்று வாக்கியம், அதுவும் ஒரு கண்ணியோடு கட்டப்பட்டதாக. அறிவுறுத்தலில் வெளிக் கட்டுரை வேண்டாம் என்றிருந்தால் விட்டுவிடலாம், மதிப்புரை அதனால் குறையாது.

கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்ததை முன்னுரையில் போடுபவர்களும் உண்டு. பரிசு 2.76-இன் திட்டப்பிழையைக் குறைப்பதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

எப்போது இரண்டாம் வடிவமே சரி?

மூன்றாம் வடிவம் எல்லா நேரத்திலும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சொல் வரம்பு 800-க்குள் இருந்தால் நான்கு கண்ணிகளை விரிக்க இடமில்லை, மூன்று தலைப்பே பாதுகாப்பு. மதிப்பெண் அட்டவணையில் வாதத்துக்கு இவ்வளவு, சான்றுக்கு இவ்வளவு, வரம்புக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், தலைப்பை மாற்றி மதிப்பெண் போடுபவரைத் தேட வைப்பதில் லாபமில்லை. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. தலைப்புகளை வைத்துக்கொண்டு, கண்ணிகளை மூன்றிலும் ஒரே வரிசையில் ஓடவிடலாம். வாதத்தில் நான்கு கண்ணியைச் சொல்லுங்கள், சான்றில் அதே நான்கை அதே வரிசையில், வரம்பில் அதே நான்கை. வரம்பில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் சான்றில் வந்த ஒரு எண்ணையோ ஒரு அட்டவணையையோ பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்க முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

தரவு இல்லாத கட்டுரைகளுக்கு, உதாரணமாக ஒரு கவிதையை வாசிக்கும் இலக்கியக் கட்டுரைக்கோ ஒரு கருத்தைப் பிரித்துக் காட்டும் தத்துவக் கட்டுரைக்கோ, மூன்றாம் வடிவம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அங்கே சான்று என்பது மேற்கோளும் வாசிப்பும்தான். எந்த வரியைக் காட்டி எந்த முடிவுக்கு வந்தார், அந்த வரியை வேறு விதமாக வாசிக்க முடியுமா என்று கண்ணி கண்ணியாகக் கேட்பதைத் தவிர வேறு வழி அங்கே இல்லை.

சரி, 2,000 சொற்களை எப்படிப் பங்கிடுவது? இந்தக் கட்டுரைக்கு நான் எழுதினால், முடிவைச் சரியாகச் சொல்லவும் ஆய்வை விவரிக்கவும் 350 சொல். கூலிக் கண்ணிக்கு 150. அளவீட்டுக்கு 350. பென்சில்வேனியாவுக்கும் நியூ ஜெர்சிக்குள்ளான ஒப்பீட்டுக்கும் சேர்த்து 700. விளக்கத்துக்கு 250. மிச்சம் 200-இல் என் தீர்ப்பு. அதை ஏறக்குறைய இப்படி எழுதுவேன்: “சட்டம் வந்த எட்டு மாதத்துக்குள், துரித உணவகங்களில், பெரிய வேலையிழப்பு நடக்கவில்லை என்பதைக் கட்டுரை நம்பும்படி காட்டுகிறது, ஏனென்றால் ஒப்பீட்டை இரண்டு வழியில் செய்தும் ஒரே விடை வருகிறது. வேலை கூடியது என்று படிப்பதற்கு 79 கடைகளின் சரிவைப் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு நான் போக மாட்டேன்.”